ஐந்து தடவை ‘வர முடியலை’ என்றவளுக்கு என்ன பதில் எழுதுவது?

பீளமேட்டுக்காரி | ஞாயிறு, காலை 7:20

கல்லூரித் தோழி ஒருத்தி. பதினாறு வருடப் பழக்கம். நான் கோயம்புத்தூர், அவள் திருப்பூர். அவளும் வீட்டுக்காரரும் பன்னிரண்டு மெஷின் போட்டு, ஜாப் வொர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். கூட இன்னும் இரண்டு தோழிகள். நாலு பேருக்கு ஒரு வாட்ஸாப் குரூப்.

ஆடி 18-க்கு பவானி கூடுதுறை போகலாம் என்று பேசினோம். அன்று காலை, “பையனுக்குக் காய்ச்சல்.” அடுத்து கொடிவேரி. மீன் வறுவலை முதலில் ஞாபகப்படுத்தியதே அவள்தான். முந்தின நாள் ராத்திரி, “அர்ஜென்ட் வேலை.” ஆயுதபூஜை லீவு முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டுப்பாளையத்தில் காலை 7:10-க்குக் கிளம்பும் ஊட்டி ரயிலுக்கு நாலு டிக்கெட் போட்டு வைத்தேன். சனிக்கிழமை ராத்திரி 9:40-க்கு மெசேஜ்: “சாரி டீ, நீங்க போய்ட்டு வாங்க.” டிசம்பரில் சாப்பிடப் போகலாம் என்றதும் அப்படியே போனது.

கடைசியாக இந்தப் பொங்கல். எங்கள் அம்மா ஊரில் பூப்பறிக்கிற நோம்பிக்கு வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். அம்மா அவளுக்கென்று தனியாக ஒரு கூடையில் ஆவாரம்பூ எடுத்து வைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு, “மாமியாருக்கு முட்டி வலி.” கூடை சாயந்திரம் வரை திண்ணையிலேயே இருந்தது.

இன்றைக்கு இதை அனுப்பலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

“ஹலோ மேடம். ரொம்ப பிஸி போல. எப்ப கூப்பிட்டாலும் உனக்கு ஏதாவது ஒண்ணு வந்துடுது. மத்தவங்களுக்கும் குடும்பம், வேலை எல்லாம் இருக்கு. எங்ககூட வர இஷ்டம் இல்லைன்னா நேராச் சொல்லிடு. உண்மையைச் சொல்ல என்ன பயம்? இனிமேல் நான் கூப்பிடவே மாட்டேன். சந்தோஷமா இரு.”

தாராபுரம்ரோடு | ஞாயிறு, காலை 7:48

எதற்கு இவ்வளவு நீளம்? மூணு தடவை கூப்பிட்டும் வரவில்லை என்றால் நாலாவது தடவை கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான். வருகிறவள் கல் மழை பெய்தாலும் வருவாள். பதிலே போடாமல் விடுங்கள். அக்கறை இருந்தால் அவளே கேட்பாள்.

மலைரயில் | ஞாயிறு, காலை 8:05

நாலு டிக்கெட்டும் ஒரே பிஎன்ஆரா? அப்படியிருந்தாலும் ஒருத்தர் பேரை மட்டும் ரத்து பண்ணலாம். முன்னாடியே பண்ணியிருந்தால் ஏதோ கொஞ்சம் காசு திரும்பியிருக்கும். பலருக்கு இது தெரிவதில்லை.

பீளமேட்டுக்காரி | ஞாயிறு, காலை 8:11

நன்றிங்க. ஆனால் கேள்வி டிக்கெட்டைப் பற்றி இல்லைங்க.

பெருந்துறை அக்கா | ஞாயிறு, காலை 9:30

கண்ணு, அதை அனுப்பாதே. மில் ஹாஸ்டலில் பத்தொன்பது வருடம் வார்டனாக இருந்தவள் நான். ஒரே ரூமில் படுத்துக்கொண்டு மாதக் கணக்கில் பேசாமல் இருந்த பிள்ளைகளுக்கு நடுவில் எத்தனை சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அப்போது செல்போன் கிடையாது, துண்டுச் சீட்டுதான்.

உன் மெசேஜைக் கையில் வாங்குகிறவளாக நினைத்துப் படித்தேன். “மேடம்” என்ற இடத்திலேயே அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். “எப்ப கூப்பிட்டாலும்” என்கிறாய். அவள் உடனே வந்த ஒரு நாளைத் தேடிப் பிடித்து, “அன்னைக்கு வரலையா?” என்பாள். பேச்சு அங்கேயே திரும்பிவிடும். “மத்தவங்களுக்கும்” என்றதும் நீ அவளோடு பேசவில்லை, பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டாய். “உண்மையைச் சொல்ல என்ன பயம்” என்றால் இதுவரை சொன்னது பொய் என்று அர்த்தம். மாமியாருக்கு நிசமாகவே முட்டி வலி இருந்திருந்தால்?

எல்லாவற்றையும் விட மோசம் கடைசி வரி. கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தீர்ப்பையும் நீயே எழுதிவிட்டாய். அதற்கு அவள் “சரி” என்று ஒரு வார்த்தை போடுவாள். நீ அதைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் வெசனப்படுவாய்.

இன்னொன்று கேட்கிறேன். வராத நாட்களை மட்டும் எழுதியிருக்கிறாய். இந்த ஒரு வருடத்தில் அவள் வந்த நாள் ஒன்றுகூட இல்லையா? அப்புறம், இந்த அழைப்பெல்லாம் குரூப்பில் போட்டதா, தனியாகக் கேட்டதா?

சிங்கர்மெஷின் | ஞாயிறு, காலை 10:15

நான் திருப்பூர். அக்கா சொன்னதற்கு மேலே ஒன்று. ராத்திரி 9:40, அதுவும் சனிக்கிழமை. எங்கள் ஊர்க்காரனுக்கு இது ஒன்றே போதும்.

இங்கே டெய்லருக்கும் கைமடிக்கும் செக்கிங் ஆட்களுக்கும் வாரச் சம்பளம். சனிக்கிழமை பொழுதோடு பட்டுவாடா. பன்னிரண்டு மெஷின் போட்டவர் கையில் இருந்தா கொடுக்கிறார்? பீஸ் கொடுத்த கம்பெனி பில்லை பாஸ் பண்ணினால்தான் காசு. மாதக் கணக்கில் இழுப்பவர்களும் உண்டு. அதற்காக ஆட்களை “அடுத்த வாரம் வாங்கிக்கோ” என்று சொல்ல முடியாது, திங்கட்கிழமை பக்கத்துக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்கள். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து யாரிடம் புரட்டலாம் என்று போன் மேல் போன். நகை உள்ளே போவதும் அன்றைக்குத்தான். அப்படி ஒரு ராத்திரி முடிந்து, காலையில் 7:10 ரயிலுக்கு எந்த முகத்தோடு வருவது?

காசு இல்லை என்று தோழிகளிடம் சொல்லவும் முடியாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர்கள் ஓனர்.

தாராபுரம்ரோடு | ஞாயிறு, காலை 10:32

சரி, சனிக்கிழமைக்கு அது. பொங்கலுக்கு? அந்த வாரம் திருப்பூரே காலியாகக் கிடக்கும். எவன் சம்பளம் கேட்டு வாசலில் நிற்கிறான்? ஆடி 18-க்கும் சனிக்கிழமைக்கும் என்ன சம்பந்தம்? எல்லோரும் அவளுக்காகக் காரணம் கண்டுபிடிக்கிறீர்கள்.

சிங்கர்மெஷின் | ஞாயிறு, காலை 10:40

பொங்கல் கணக்கு இடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பீளமேட்டுக்காரி | ஞாயிறு, மதியம் 1:05

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். செப்டம்பரில் அப்பா தவறிப்போனார். கருமாதிக்கு அவள் காலையிலேயே வந்தாள், வேலை நாள். எல்லோரும் போன பிறகும் இருந்து, அண்டாவெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நவம்பரில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். அரிசியும் பருப்பும் சாதம் வைத்தேன். தயிர் ஊற்றி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். இவை இரண்டும் நான் கூப்பிடாமல் வந்தவை, அதனால் கணக்கில் எடுக்கவில்லை.

மற்ற அழைப்பு எல்லாம் குரூப்பில் போட்டதுதான். அவள் வர முடியாது என்று சொன்னதும் அங்கேதான்.

திருப்பூர் அண்ணா சொன்னதைப் படித்ததும் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. மாற்றி எழுதியிருக்கிறேன்:

“எப்படி இருக்கே? ஏதாவது கஷ்டமா? என்னால ஏதாவது தப்பா? இருந்தா மன்னிச்சுடு. நீ வராததை நான் ஒண்ணும் நினைச்சுக்கலை. எப்ப வேணா சொல்லு.”

கோழிப்பண்ணை | ஞாயிறு, மதியம் 2:20

நாமக்கல்காரன். நான் அந்தப் பக்கம், அதாவது வராமல் டபாய்த்தவன். அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. நண்பர்களிடம் பண்ணை வேலை என்றேன், கோழிக்கு ஊசி போடுகிற நாள் என்றேன், தீவன லாரி வரவில்லை என்றேன். நாலு பேர் “ஏதாவது பிரச்சனையா மாப்ளே?” என்று கேட்டார்கள். நாலு பேரிடமும் “ஒண்ணுமில்லைடா” என்றேன். அந்தக் கேள்விக்கு வேறு பதில் வாயில் வராதுங்க, தும்மினால் கண் மூடுகிற மாதிரி.

ஒருத்தன் மட்டும், “நீ சொல்றது எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனா கோபமும் இல்லை. உனக்கு எந்த நாள் தோது, எங்கே தோது, நான் வர்றேன்” என்றான். அவனிடம் போனிலேயே அழுதுவிட்டேன்.

அவனை ஒரு வருடம் நம்பவைத்து ஏமாற்றியிருந்தேன் என்ற கோபம் அவனுக்கு அப்புறம் வந்தது, அது வேறு கதை.

பெருந்துறை அக்கா | ஞாயிறு, மாலை 4:45

முதல் சீட்டில் மிளகாய், இரண்டாவதில் வெறும் சர்க்கரை. நோம்பியன்று திண்ணையில் இருந்த கூடை எங்கே போனது? “ஒண்ணும் நினைச்சுக்கலை” என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் பேர் தெரியாதவர்களிடம் வந்து கேட்கிற அளவுக்கு நினைத்திருக்கிறாய். அவளிடம் உண்மை கேட்கிற சீட்டிலேயே நீ பொய் எழுதினால் எப்படி கண்ணு? அதோடு “கஷ்டமா, தப்பா” இரண்டுமே நாமக்கல் தம்பி சொன்ன கேள்விகள். பதில் தயாராக இருக்கும்: “அய்யோ அதெல்லாம் ஒண்ணுமில்லைடி.”

உனக்கு ஏமாற்றம் இருக்கிறது. அதை ஒரே ஒரு நாளை வைத்துச் சொல். ஐந்தையும் அடுக்கினால் அவள் ஐந்துக்கும் பதில் தேடுவாள், எது உன்னை நிசமாக உறுத்தியது என்பது தெரியாமலே போய்விடும். எனக்குத் தெரிந்து அது கூடைதான்.

அப்புறம் கேள்வி. வர முடியவில்லை என்பது ஒன்று, வரப் பிடிக்கவில்லை என்பது வேறொன்று. இரண்டாவதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதை நீயே எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டால், அவள் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆனால் அதைத் தாங்க முடியுமா என்று முதலில் உன்னைக் கேட்டுக்கொள். “என்ன சொன்னாலும் பரவாயில்லை” என்று எழுதிவிட்டு, சொன்ன பிறகு முகத்தைத் தூக்கினால், அடுத்த தடவை அவள் உண்மையைச் சொல்லவே மாட்டாள்.

காரணம் எதையும் நீ எடுத்துக் கொடுக்காதே. “காசுப் பிரச்சனையா?” என்று கேட்டு, அது இல்லை என்றால் அவமானம், அதுதான் என்றாலும் அவமானம். சிங்கர்மெஷின் தம்பி சொன்னது நம் மனதோடு இருக்கட்டும்.

சிங்கர்மெஷின் | ஞாயிறு, மாலை 5:10

சரிங்க அக்கா. அனுப்புகிற நாளை மட்டும் நான் சொல்கிறேன். வெள்ளி, சனி வேண்டவே வேண்டாம். திங்கட்கிழமை எத்தனை ஆள் வந்தது, எந்த மெஷின் காலி என்று பார்ப்பதிலேயே போய்விடும். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு மேல், டீ டைம் முடிந்த பிறகு. மெசேஜாகவே போடுங்கள். வாய்ஸ் போட்டால் மெஷின் சத்தத்தில் காதில் விழாது, சத்தமாக வைத்துக் கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்.

பீளமேட்டுக்காரி | திங்கள், இரவு 9:15

நாலு தடவை அழித்து எழுதினேன். நாளைக்கு இதைத் தனியாக அனுப்பப் போகிறேன், குரூப்பில் இல்லை.

“நோம்பியன்னைக்கு நீ வரலைன்னு மெசேஜ் பார்த்ததும் எனக்கு நிசமாலுமே வெசனமாப் போச்சு. அம்மா உனக்குன்னு எடுத்து வெச்ச பூக்கூடை சாயந்திரம் வரைக்கும் திண்ணையிலயே இருந்துச்சு. கோபமும் வந்துச்சு, மறைக்கலை. மாமியாருக்கு முட்டி வலின்னு சொன்னே. அது மட்டுந்தான் காரணம்னு எனக்குத் தோணலை. நான் தப்பா நினைக்கிறதாவும் இருக்கலாம். வர முடியலையா, வரப் பிடிக்கலையா, எதுன்னாலும் சொல்லு. கேக்க எனக்குக் கஷ்டமா இருந்தாலும் சரி, புதுசா ஒரு காரணம் மட்டும் வேண்டாம். இன்னைக்கே சொல்லணும்னு இல்லை. இந்த வாரத்துக்குள்ள உனக்குத் தோதா இருக்கறப்ப சொல்லு.”

பெருந்துறை அக்கா | திங்கள், இரவு 9:50

“முட்டி வலின்னு சொன்னே” என்ற வரியை எடுத்துவிடு. அவள் சொன்னதை அவளிடமே திருப்பிக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. “நீ சொன்ன காரணம் மட்டுந்தான்னு தோணலை” என்றால் போதும். மற்றது சரி.

தாராபுரம்ரோடு | திங்கள், இரவு 10:02

நான் நம்பவில்லை. இருந்தாலும் “புதுசா ஒரு காரணம் மட்டும் வேண்டாம்” நல்ல வரி. அதை மட்டும் அனுப்பினாலே போதும் என்பேன்.

பீளமேட்டுக்காரி | செவ்வாய், மாலை 6:30

10:50-க்கு அனுப்பினேன். 10:52-க்கு நீல டிக். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. நடுவில் மூணு தடவை “டைப்பிங்” வந்து வந்து போனது. இன்னொரு மெசேஜ் போடட்டுமா?

பெருந்துறை அக்கா | செவ்வாய், மாலை 6:41

போடாதே. இந்த வாரத்துக்குள் என்று நீதான் எழுதினாய்.

பீளமேட்டுக்காரி | புதன், இரவு 11:40

ராத்திரி எட்டே முக்காலுக்கு, ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆட்கள் போன பிறகு கூப்பிட்டாள். நாற்பது நிமிடம் பேசினோம்.

சிங்கர்மெஷின் அண்ணா சொன்னது பாதி சரி. கொடிவேரிக்கும் ஊட்டிக்கும் சனிக்கிழமைச் சம்பளம்தான். ஊட்டிக்கு முந்தின நாள் வளையல் வங்கிக்குப் போயிருக்கிறது. ஆடி 18-க்குப் பையனுக்கு நிசமாகவே காய்ச்சல்.

டிசம்பரும் பொங்கலும் வேறு. போன ஜூலையில் அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டலுக்கு நாலு பேரும் போனோம். அன்று அவளுக்கு சஷ்டி விரதம், ஒரு சாத்துக்குடி ஜூஸ் மட்டும் குடித்தாள். பில் 3,640 ரூபாய். வழக்கம்போல நாலாகப் பிரித்து ஆளுக்கு 910 என்றோம். அவள் போனை எடுத்து ஒரு நிமிடம் தயங்கினாள். மற்ற இருவரில் ஒருத்தி, “ஓனரம்மாவுக்கு இதெல்லாம் ஒரு காசா?” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

இன்று போனில் இவள் சொன்னது: “அவ சொன்னது கூட எனக்கு ஒண்ணுமில்லை. நீயும் சிரிச்சே. அன்னைக்குக் காலைலதான் உன்கிட்ட மட்டும் சொல்லியிருந்தேன், பில் வரலை, வட்டி கட்ட முடியலைன்னு. தெரிஞ்சும் சிரிச்சே. உன்னைத் தனியாப் பார்க்க எனக்கு ஆசைதான். அவங்க ரெண்டு பேரும் இருக்கற எடத்துக்கு வரப் பிடிக்கலை. நோம்பிக்கு அவங்களும் வர்றாங்கன்னு குரூப்பில் பார்த்தேன்.”

அவள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆமாம், காலையில் சொல்லியிருந்தாள். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், “அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்கன்னு…” என்று ஆரம்பித்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் “சிரிச்சேன். தப்புதான்” என்றேன்.

தாராபுரம்ரோடு | வியாழன், காலை 6:55

அந்த 910-ஐ உடனே திருப்பிப் போட்டுவிடுங்கள். கணக்கு நேராகிவிடும். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, நான் வேறு மாதிரி நினைத்தேன்.

சிங்கர்மெஷின் | வியாழன், காலை 7:20

ஐயா, ஆறு மாதம் கழித்து ஜிபேயில் 910 ரூபாய் வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அதற்கு அந்த ‘ஓனரம்மா’ பேச்சே பரவாயில்லை.

பெருந்துறை அக்கா | வியாழன், காலை 8:10

“எல்லாரும்” என்று ஆரம்பித்தாய் பார், அது முதல் சீட்டில் இருந்த “மத்தவங்களுக்கும்” தான். பாதியில் நிறுத்தினாயே, அது வரைக்கும் சரி. இனி விளக்கம் கொடுக்காதே, காசும் போடாதே.

மற்ற இருவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் எனக்கே தெளிவில்லை. சொன்னால் இவள் கடன் விஷயம் வெளியே போகும். சொல்லாவிட்டால் நீ ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் சமாளிக்க வேண்டும், அப்புறம் நீதான் காரணம் தேடுகிறவளாக ஆவாய்.

கோழிப்பண்ணை | வியாழன், காலை 9:00

கடனைச் சொல்லாமல், “அந்த ஓனரம்மா பேச்சு எனக்கே பிடிக்கலை” என்று மட்டும் அப்படிப் பேசியவரிடம் சொல்லலாமே. அன்று நீங்களும் சிரித்தீர்கள் என்பதால் சொல்லக் கஷ்டமாக இருக்கும்.

பீளமேட்டுக்காரி | வியாழன், இரவு 8:30

அதை இன்னும் முடிவு பண்ணவில்லை. குரூப்பில் அடுத்த மாதம் எங்கே போகலாம் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். நானும் பார்த்துவிட்டு நீல டிக்கோடு விட்டிருக்கிறேன், இவளும் அப்படியே விட்டிருக்கிறாள்.

இவளிடம் எந்த நாள் தோது என்று கேட்டேன். “செவ்வாய்க்கிழமை வா. ஊட்டுக்கு வராதே, மாமியார் காது நீளம். கம்பெனிக்கே வா, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மெஷினெல்லாம் நிக்கும்” என்றாள். லீவு சொல்லிவிட்டேன். அம்மா கச்சாயம் சுட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார், அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் சேர்த்து.

மலைரயில் | வியாழன், இரவு 8:52

பீளமேட்டிலிருந்து திருப்பூருக்கு பஸ்ஸா, ரயிலா?